‘மூச்சுத்திணறல்’ என்னும் சொல் மறைப்பது

நாமக்கல்லிலிருந்து வடக்கே லாரி ஓட்டிச் செல்லும் என் தாய்மாமன், சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போதே உறங்கிப் போவதாகக் கூறியதால், நான் ஆய்வு செய்யும் ஹைதராபாத்தில் அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ஓர் இரவு முழுதும் தலையில் கம்பிகளும் மார்பில் பட்டையும் மூக்கில் குழாயும் பொருத்தி உறக்கத்தைப் பதிவு செய்தனர். ஆங்கிலத்தில் வந்த அறிக்கையைத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அதில் நான் செய்த பிழைகளே இப்பதிவுக்குக் காரணம்.

‘ஸ்லீப் அப்னியா’ என்பதற்குத் தமிழில் வழங்கும் பெயர் ‘உறக்கத்தில் மூச்சுத்திணறல்’. அதையே சொன்னேன். “எனக்குத் திணறலே இல்லையே மாப்ளே. படுத்தாத் தூங்கிருவேன்” என்றார் மாமா. அவர் சொன்னது சரி. திணறல் என்பது ஒருவர் உணரும் அவதி. இந்நோயிலோ உறங்குபவர் பெரும்பாலும் எதையும் உணர்வதில்லை. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு செல்லும் வழி மூடிக்கொள்கிறது. குருதியில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை ஒரு கணம் விழித்து வழியைத் திறக்கிறது, மீண்டும் உறக்கம். குறட்டை திடீரென நின்று, பின் பெருமூச்சுடன் தொடங்குவதைப் பக்கத்தில் படுத்திருப்பவரே அறிவார். எனவே ‘உறக்க மூச்சடைப்பு’ என்பதே பொருந்தும் பெயர் என்பது என் கருத்து.

அடுத்தது எண். அறிக்கையில் AHI 38 என்றிருந்தது. “முப்பத்தஞ்சு எடுத்தாப் பாஸ்தானே?” என்று சிரித்தார். அது மதிப்பெண்ணும் அன்று, விழுக்காடும் அன்று. அவர் உறங்கிய 6 மணி நேரத்தில், மூச்சு முழுதாகவோ பகுதியாகவோ தடைப்பட்ட நிகழ்வுகள் 228. ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி நீடித்தது. 228-ஐ 6-ஆல் வகுத்தால் மணிக்கு 38. அதாவது, ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்திற்கு ஒரு தடை. ஐந்துக்குக் கீழ் இயல்பு; 30-உம் அதற்கு மேலும் கடுமை. “ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருக்கா உங்களை யாரோ தட்டி எழுப்புறாங்க மாமா” என்றபோதுதான் சிரிப்பு நின்றது. இரவு வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் விதித்த தடையின் பொருளும் அப்போதே அவருக்கு விளங்கியது.

மூன்றாவது, முகமூடிக் கருவி. அதை ‘ஆக்சிஜன் மிஷின்’ என்றே பலரும் அழைக்கின்றனர். அதில் ஆக்சிஜன் உருளை இல்லை. அறைக் காற்றையே சற்று அழுத்தத்துடன் மூக்கினுள் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்குகிறது. அவ்வளவே அதன் வேலை. ஆகவே அணியாத இரவில் அடைப்பு திரும்பிவிடும். இதை விளக்க, “ட்யூப்ல காத்து இருந்தா டயர் தட்டையாகாது இல்லீங்களா மாமா” என்றேன். உடனே புரிந்துகொண்டார். உவமை வென்றது என மகிழ்ந்தேன்.

பத்து நாள் கழித்து அழைத்தார். காலையில் தலைவலி, புழுக்கம். இரண்டு மணி நேரத்திற்குமேல் அணிய முடியவில்லை என்றார். காணொலியில் பார்த்தேன். முகமூடியின் முன்புறத்தில் காற்று சீறும் சிறு துளைகளைப் பிளாஸ்திரி ஒட்டி அடைத்திருந்தார். ட்யூப் ஒழுகக் கூடாது என்று சொன்னவன் நான்தானே! அத்துளைகள் நாம் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவதற்காகவே அமைந்தவை. அவற்றை அடைத்தால் விட்ட மூச்சையே மீண்டும் இழுக்க நேரும். உண்மையான கசிவு வேறு: முகமூடியின் விளிம்புக்கும் தோலுக்கும் இடையே காற்று பிதுங்கி, கண்ணில் படும். அதற்கு வாரை இறுக்கிக்கொண்டே போவது தீர்வாகாது. கருவியை இயக்கிப் படுத்த நிலையில் முகமூடியைச் சற்றுத் தூக்கி, மீண்டும் பதியவைக்க வேண்டும்.

பிளாஸ்திரியை நீக்கி, விளிம்பைச் சரிசெய்த பின், ஆறு மணி நேரம் அணிந்து உறங்கினார். மறுநாள் கருவியின் திரையில் AHI 3.

கலைச்சொல் அகராதிகளில் நாம் சொல்லுக்குச் சொல் தேடுகிறோம். நோயாளிக்குத் தேவைப்படுவது சொல் மட்டுமன்று. எது எதனால் நிகழ்கிறது என்னும் விளக்கம். அதை உவமையால் சொல்வோர், உவமை எந்த இடத்தில் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தின் விலை, என் மாமாவின் பத்து இரவுகள்.