சுமத்ரா பாலம்: மிச்சமாகும் நேரம் யாருடையது, எத்தனை பேருடையது?

மலாக்காவையும் சுமத்ராவையும் பாலத்தால் இணைக்கும் திட்டம் மீண்டும் பேச்சுக்கு வந்துள்ளது. மஸ்ஜித் தானா அருகிலுள்ள பெங்காலான் பாலாக்கிலிருந்து நீரிணையைக் கடந்து இந்தோனேசியாவின் ரூபாட் தீவு வரை, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளப் பாலம் குறித்து ஆய்வு நடத்தப்படும் என்று முதலமைச்சர் அப் ரவூப் யூசோ தலைமையிலான மாநில அரசு 2025இல் அறிவித்தது. ஆய்வுக்கான ஒதுக்கீடு 5 லட்சம் ரிங்கிட்.

இது புதிய கனவு அல்ல. முகமட் அலி ருஸ்தாம் முதலமைச்சராக இருந்த 2009ஆம் ஆண்டிலேயே தெலுக் கோங்கிலிருந்து ரூபாட் தீவுக்கும், அங்கிருந்து சாலை வழியாக டுமாய்க்கும் செல்லும் ஒரு திட்டம் வெளியானது. மொத்தத் தூரம் சுமார் 128 கிலோமீட்டர். மதிப்பிட்ட செலவு 1,275 கோடி அமெரிக்க டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4,400 கோடி ரிங்கிட். இந்தோனேசியா தன் சொந்தத் தீவுகளை இணைப்பதற்கே முன்னுரிமை தந்ததால் அப்போது அது நகரவில்லை.

ஆய்வு அறிக்கை வரும்போது அதில் ஒரு பெரிய தொகை இருக்கும்: பாலத்தால் ஆண்டுக்கு இத்தனை கோடி ரிங்கிட் பயன் என்று. சாலை, பாலம், மேம்பாலம் எதுவானாலும் இந்தத் தொகையின் பெரும்பகுதி ஒரே பெருக்கலிலிருந்து பிறக்கிறது. ஒரு வாகனத்துக்கு மிச்சமாகும் நேரத்தை, நாளொன்றுக்குச் செல்லும் வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். வரும் மணிநேரத்துக்கு ஒரு பண மதிப்பு போட்டு, ஆண்டுக்குக் கணக்கிட்டு, கட்டுமானச் செலவோடு ஒப்பிடுகிறார்கள். அந்தப் பெருக்கலில் எதை வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, நட்டத் திட்டம்கூட இலாபத் திட்டமாகத் தெரியும்.

மேம்பாலத்தில் தொடங்கிப் பார்ப்போம்

கடல் பாலத்துக்குப் போகும் முன், நாம் அன்றாடம் நிற்கும் ஒரு சாலை விளக்குச் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, நாளொன்றுக்கு 30,000 வாகனங்கள் அங்கே கடக்கின்றன என்றும், மேம்பாலம் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் மிச்சம் என்றும் வைப்போம். பெருக்கினால் நாளுக்கு 1,500 மணிநேரம்.

ஆனால் அந்த 3 நிமிடம் எப்போது அளந்தது? காலை வேலைக்குப் போகும் நேரத்திலும் மாலை திரும்பும் நேரத்திலும் கடக்கும் 10,000 வாகனங்களுக்குத்தான் அவ்வளவு தாமதம். மற்ற 20,000 வாகனங்கள் நண்பகலிலும் இரவிலும் போகின்றன; அவற்றுக்கு மிச்சம் 20 விநாடிதான். பிரித்துப் பெருக்கினால் கிடைப்பது சுமார் 611 மணிநேரம். முதல் கணக்கில் பாதிகூட இல்லை.

மலாக்காவில் இந்தப் பிழைக்கு இடம் அதிகம். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் ஆயர் குரோ பக்கம் வாகனங்கள் எப்படி நிற்கும் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையின் எண்ணிக்கையை 365ஆல் பெருக்கினால் எந்த மேம்பாலமும் தேவையானதாகவே தோன்றும். வாகனக் கணக்கெடுப்பு எந்த நாளில், எத்தனை மணிநேரம் நடந்தது என்று கேட்டால் இந்தப் பிழை வெளிப்பட்டுவிடும்.

அடுத்த சந்திப்பையும் பார்க்க வேண்டும். மேம்பாலத்தில் விரைந்து இறங்கும் வாகனங்கள் அடுத்த சிவப்பு விளக்கில் கூடுதலாக 2 நிமிடம் நின்றால், உண்மையான மிச்சம் 1 நிமிடம்தான். பாலத்தின் இரு முனைகளுக்கு நடுவில் அளக்காமல், புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை அளக்க வேண்டும்.

வாகனத்தை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

சாலைப் பொறியியலில் வாகனங்களைக் கார் அளவுக்கு மாற்றி எண்ணும் வழக்கம் உண்டு. விளக்குச் சந்திப்பை வடிவமைக்கும்போது மோட்டார் சைக்கிள் ஒரு காரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவும், பேருந்து இரண்டுக்குச் சற்று அதிகமான கார்களாகவும் கொள்ளப்படும். சாலையில் அவை பிடிக்கும் இடத்தை அளக்க இந்த முறை சரியானது. நேரத்தின் பயனை அளக்க இதையே பயன்படுத்தினால் தவறு. மோட்டார் சைக்கிளில் போகும் தோட்டத் தொழிலாளி மூன்றில் ஒரு பங்கு மனிதர் அல்லர். தொழிற்சாலைப் பேருந்தில் போகும் 30 பேர் இரண்டு காராகச் சுருங்கிவிடவும் முடியாது.

அதே 10,000 வாகனங்களை எடுப்போம். 6,000 கார்கள், காருக்குச் சராசரி ஒன்றரைப் பேர். 3,900 மோட்டார் சைக்கிள்கள், ஒன்றுக்கு ஒருவர். 100 பேருந்துகள், ஒவ்வொன்றிலும் 30 பேர். காருக்கும் பேருந்துக்கும் 3 நிமிடம் மிச்சம். மோட்டார் சைக்கிள் வரிசைக்கு இடையே புகுந்து முன்னால் வந்துவிடுவதால் அதற்கு 1 நிமிடம். ஆள் கணக்கில் கார்க்காரர்களுக்கு 450 மணிநேரம், பேருந்துப் பயணிகளுக்கு 150 மணிநேரம், மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு 65 மணிநேரம் கிடைக்கும்.

நூற்றில் ஒன்றாக இருக்கும் பேருந்துகள் மொத்தப் பயனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தருகின்றன. வாகனத்தை மட்டும் எண்ணும் அறிக்கையில் இது கண்ணில் படாது. பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்குவது, விளக்கின் நேரத்தை மாற்றி அமைப்பது போன்ற மலிவான வழிகளும் அதனாலேயே ஒதுக்கப்படுகின்றன. விளக்கு நேரத்தைச் சரிசெய்தாலே 1 நிமிடம் மிச்சமாகும் என்றால், மேம்பாலத்தின் கணக்கில் சேர வேண்டியது மீதி 2 நிமிடம் மட்டுமே.

ஒரு மணிநேரத்தின் விலை

மணிநேரத்தைப் பணமாக்கும் இடத்தில் நியாயக் கேள்வி எழுகிறது. சம்பளத்தை வைத்து மதிப்பிட்டால், 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் பெறுபவரின் ஒரு மணிநேரம் 8 ரிங்கிட் 17 சென். அதைப்போல் ஐந்து மடங்கு சம்பளம் வாங்கும் மேலாளரின் மணிநேரம் 40 ரிங்கிட்டுக்கு மேல். இப்படிக் கணக்கிட்டால் புக்கிட் அசாஹான், கெமுனிங் போன்ற தோட்டப் பகுதிச் சாலைகள் வசதியானோர் குடியிருப்புச் சாலைகளிடம் எப்போதும் தோற்கும். இதனால்தான் பிரிட்டனில் வேலை நேரம் அல்லாத பயணங்களுக்கு ஏழை, பணக்காரர் என்று பிரிக்காத பொது மதிப்புகளை அரசு வைத்துள்ளது.

கடலில் இன்று வாகனமே இல்லை

இப்போது நீரிணைக்கு வருவோம். சந்திப்பில் எண்ணுவதற்கு வாகனங்கள் இருந்தன. மலாக்காவுக்கும் டுமாய்க்கும் இடையே ஓடுவது பயணிகள் படகு. கடக்க ஏறத்தாழ 2 மணிநேரம். அதில் கார் ஏறாது. ஆகவே, இன்றுள்ள தினசரி வாகனங்கள் பூஜ்யம். எதைப் பெருக்கினாலும் விடை பூஜ்யம்தான்.

எனவே ஆய்வாளர்கள் பாலம் வந்தபின் புதிதாக வரக்கூடிய வாகனங்களை ஊகிக்க வேண்டியிருக்கும். இங்கே பல நாடுகளில் பின்பற்றப்படும் ஒரு விதி உண்டு: புதிதாக உருவாகும் பயணத்துக்குப் பாதிப் பயன்தான். மலாக்கா தனியார் மருத்துவமனைக்கு இன்றே படகில் வரும் இந்தோனேசியருக்கு மிச்சமாகும் நேரம் முழுப் பயன். பாலம் இருந்தால்தான் வருவேன் என்பவரின் நிலை வேறு. அவர்களில் சிலர் சிறிய மிச்சத்துக்கே வந்திருப்பார்கள். அவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுப் பயன். சிலர் கடைசி நிமிடம் மிச்சமானதால்தான் கிளம்பினார்கள். அவர்களுக்குப் பயன் ஏறக்குறைய இல்லை. சராசரியாகப் பாதி.

2009ஆம் ஆண்டுச் செலவையே வைத்துப் பார்ப்போம். 4,400 கோடி ரிங்கிட்டுக்கு ஆண்டு வட்டி 4 விழுக்காடு என்று கொண்டால், வட்டி மட்டும் ஆண்டுக்கு 176 கோடி. ஒரு வாகனத்தில் 3 பேர், தலைக்கு ஒன்றரை மணிநேரம் மிச்சம், மணிநேரத்துக்கு 20 ரிங்கிட் எனத் தாராளமாகக் கணக்கிட்டால் வாகனத்துக்கு 90 ரிங்கிட் பயன். பாதி விதிப்படி 45 ரிங்கிட். வட்டியை மட்டும் ஈடுகட்ட நாளுக்கு ஏறத்தாழ 1,07,000 வாகனங்கள் வேண்டும். பாதி விதியைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அதே கணக்கு 54,000 வாகனங்களில் முடிந்துவிடும். அறிக்கையில் தேட வேண்டிய வரி இதுதான்.

சரக்கு லாரிகளுக்கு இதைவிட அதிக மதிப்பு உண்டு. அவை நிறைய வந்தால் தேவைப்படும் எண்ணிக்கை குறையும். அதேவேளையில் டோல் எண்ணிக்கையை இழுத்துக் குறைக்கும். நாளுக்கு 30,000 வாகனங்களே வந்தால், வட்டியை அடைக்க ஒருவழிப் பயணத்துக்கு ஒரு வாகனத்திடம் சுமார் 160 ரிங்கிட் வாங்க வேண்டும். அந்த விலையில் அந்த 30,000 பேரும் வருவார்களா?

எல்லையும் உண்டு. ஜொகூர் பாருவின் தாம்பாக்கம் ஒரு கிலோமீட்டர் அளவுதான். கார் கடக்கச் சில நிமிடம் போதும். ஆனாலும் அங்கே மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தாமதம் சாலையில் இல்லை, குடிநுழைவுச் சோதனையில் இருக்கிறது. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்புப் பாலத்திலும் தொடக்க ஆண்டுகளில் எதிர்பார்த்த அளவு வாகனங்கள் வரவில்லை. சுமத்ரா பாலத்தில் சோதனைச் சாவடி ஒரு மணிநேரம் எடுத்தால், மேலே சொன்ன ஒன்றரை மணிநேர மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

அறிக்கை வெளியாகும்போது

நேரக் கணக்கில் தோற்பதால் மட்டும் ஒரு பாலம் வேண்டாதது ஆகிவிடாது. வணிகம், சுற்றுலா, துறைமுகம் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். நேர மிச்சத்தில் ஒருமுறையும், அந்த மிச்சத்தால் வளரும் வணிகம் என்று இன்னொரு முறையும் ஒரே பயனை எண்ணக் கூடாது.

மாநில அறிக்கையைக் கையில் எடுப்பவர்கள் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். வாகன எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? புதிய பயணத்துக்கு முழுப் பயனா, பாதியா? சோதனைச் சாவடிக் காத்திருப்பு கழிக்கப்பட்டதா? எதோடு ஒப்பிட்டார்கள்: ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடா, காரும் லாரியும் ஏற்றும் ஒரு படகுச் சேவையோடா?

கடைசிக் கேள்வி மஸ்ஜித் தானா முதல் ஜாசின் வரை எல்லாருக்கும் உரியது. நீரிணையைக் கடந்து மிச்சப்படுத்தும் ஒரு மணிநேரத்துக்கு ஆகும் செலவையும், தோட்டத்திலிருந்து நகர மருத்துவமனைக்கோ தொழிற்சாலைக்கோ போகும் பேருந்தில் அதே ஒரு மணிநேரத்தை மிச்சப்படுத்த ஆகும் செலவையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் காட்டினால், எதை முதலில் செய்வது என்று வாசகரே தீர்மானித்துக்கொள்வார்.