கண்ணீருக்கு நான்கு ஸ்லைடு, கணக்குக்கு ஒன்றுகூட இல்லையா?

நிறுவனர் கதையைக் கேரௌசலாகப் போடுவதற்கு ஒரே வாய்ப்பாடுதான் உண்டு என்று கீழ்பென்னாத்தூர் வியாபாரிகளிடம் ஒரு பயிற்சியாளர் அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: பத்து ஸ்லைடில் முதல் நான்கு சறுக்கலுக்கு, நடுவில் ஒன்று திருப்பத்துக்கு, கடைசியில் ஒரு தன்னம்பிக்கை வாசகம். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது சிக் ஷாம்பு சி.கே. ரங்கநாதனின் கதை. அதை அவர் கெடுத்திருக்கும் விதம்தான் என்னை எழுத வைத்தது.

'வெறுங்கையோடு வெளியேறினார்' என்பதை நான்கு ஸ்லைடுக்கு இழுக்கிறாரே, எது வெறுங்கை? 1983-இல் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து சொந்தமாகத் தொடங்கியபோது ரங்கநாதன் கையில் 15,000 ரூபாய் இருந்தது. பாக்கெட் ஷாம்புக்கு முன்னோடியான சின்னிகிருஷ்ணனின் மகன் என்பதால் தொழிலும் தெரிந்திருந்தது. இவற்றை மறைத்தால் கண்ணீர் கூடும், கதை பொய்த்துப்போகும். அந்தத் தொகையையும், மாதம் 250 ரூபாய் வாடகைக்குப் பிடித்த அறையையும் ஒரே ஸ்லைடில் வைத்தால் போதும். நிலைமை தானே விளங்கும். வாசகனுக்குப் பொறுமை கிடையாது என்று மூச்சுக்கு மூச்சு சொல்பவர், அவனை நான்கு முறை தள்ளவைத்து ஒரே அழுகையைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

சறுக்கலில் தாராளம் காட்டியவர் திருப்பத்தில் கஞ்சனாகிவிடுகிறார். 'ஒருநாள் மாற்றி யோசித்தார்' என்று ஒற்றை வரி. என்ன யோசித்தார்? எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். இது தனி ஸ்லைடு. இங்கே விளக்கம் கூடாது. அடுத்தவன் சரக்கு விற்றதற்கு இவர் ஏன் பரிசு தருகிறார் என்ற கேள்விதான் விரலை நகர்த்தும். அடுத்ததில் திட்டம் மாறுகிறது: இனி ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும். மக்கள் கடையில் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். மூன்றாவதில் எண் மட்டும்: மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சம். இரண்டு படியையும் ஒரே ஸ்லைடில் அடைத்தால் கேள்வி எழும் முன்பே விடை வந்து நின்றுவிடும். அதன்பின் எவன் தள்ளுவான்?

கடைசி ஸ்லைடுக்கு அவர் தந்தது 'விடாமுயற்சி வெல்லும்.' ரங்கநாதன் பெயரை அடித்துவிட்டு ஐஸ்கிரீம் விற்றவர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வாசகம், அந்தக் கதையிலிருந்து பிறந்த பாடமாகுமா? முதலில் எல்லோருக்கும் ருசி காட்டு, பிறகு சலுகையை உன் வாடிக்கையாளருக்கு மட்டும் என்று சுருக்கு: இது சிக் கதைக்கு மட்டுமே உரியது.

எல்லோருக்கும் பொருந்துவதை ஏன் பிடித்துத் தொங்குகிறார்? ஒரே வார்ப்பை நூறு பேருக்கு விற்கலாம் என்பதால்தான். மல்லாட்டை எண்ணெய் ஆட்டும் செக்குக்காரரிடம் நட்டம் எத்தனை ரூபாய், எந்த மாதம், மறுநாள் எதை மாற்றினீர்கள் என்று உட்கார்ந்து கேட்க ஆளுக்கு ஒரு பொழுது பிடிக்கும். அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை.