மறைந்த தொழிலா, மறைத்த மனிதரா?

போன மாசியில் ராசிபுரம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நண்பரின் ஆவணப்படக் குழுவோடு போயிருந்தேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக அந்தப் பகுதியில் சில ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருப்பதால் வழிகாட்ட என்னையும் அழைத்திருந்தார்கள். படம் கவலை ஏற்றத்தைப் பற்றியது. மின் மோட்டார் வருவதற்கு முன்பு சேலம், நாமக்கல் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீரை மாடு கட்டி இறைத்த முறை. படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே தலைப்பு முடிவாகியிருந்தது: ‘மறையும் மரபு’.

கவலைக்குத் தோல் தைத்த அருந்ததியர் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். தலைப்பைச் சொன்னதும் கேட்டார்: “மறைஞ்சு போச்சேன்னு யாரு கண்ணு அழுவுறாங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் ஆவணப்படத் தலைப்புகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மறையும், அழியும், சாகும், கண்ணீர், கடைசி மூச்சு. சேலம் நகரத்தின் சாக்கடையைச் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற திருமணிமுத்தாற்றைப் படமெடுக்கக் கிளம்பும் எவருக்கும் முதலில் தோன்றுவது ‘ஒரு நதியின் கண்ணீர்’தான். இதே தலைப்பை நொய்யலுக்கும் வைக்கலாம், பாலாற்றுக்கும் வைக்கலாம். எந்த ஆற்றுக்கும் பொருந்துகிற தலைப்பு எந்த ஆற்றைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் பார்வையாளர் என்ன உணர வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தகவலும் இல்லை, கேள்வியும் இல்லை. வெறும் துக்கம் இருக்கிறது. துக்க வீட்டுக்கு வரச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்?

என் சண்டை இதோடு நிற்கவில்லை. ‘மறைந்த’ என்ற சொல்லில் ஒரு எழுத்தை மாற்றினால் ‘மறைத்த’. ‘அழிந்த’ என்பதில் மாற்றினால் ‘அழித்த’. மெல்லின ஒற்று இருந்த இடத்தில் வல்லின ஒற்று வந்ததும், ‘யார்?’ என்ற கேள்வி தானாக எழுந்துவிடுகிறது. தன்வினைத் தலைப்பில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆறு தானாகச் செத்தது, தொழில் தானாக மறைந்தது. சாயக் கழிவைத் திறந்துவிட்டவரும் இல்லை, தோல் உரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியவரும் இல்லை. இதை நாம் இலக்கணம் என்று நினைக்கிறோம். இது அரசியல்.

நல்ல தலைப்புகள் தமிழில் இல்லாமலில்லை. கீழ்வெண்மணியைப் பற்றி பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த படத்தின் பெயர் ‘ராமையாவின் குடிசை’. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட இடத்தின் பெயர் அது. தலைப்பில் படுகொலை இல்லை, நெருப்பு இல்லை, கண்ணீர் இல்லை. ஒரு மனிதரின் பெயரும் அவர் வீடும் மட்டும் இருக்கின்றன. வெண்மணியைத் தெரிந்தவருக்கு அடிவயிறு கலங்கும். தெரியாதவர், “யார் ராமையா, அவர் குடிசைக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்பார். இரண்டு பேருமே உள்ளே வருவார்கள்.

திவ்யபாரதி 2017இல் எடுத்த ‘கக்கூஸ்’ இன்னொரு வழி. இந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பவர் யாரும் இல்லை, இதில் புதிரும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்றால் நடுத்தெருவில் நின்று அந்தச் சொல்லை உச்சரித்தாக வேண்டும். உச்சரிக்கக் கூசுகிறவர், ஏன் கூசுகிறோம் என்று ஒரு நொடியாவது யோசித்தாக வேண்டும். படம் தொடங்குவதற்கு முன்பே தலைப்பு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

மூன்றாவதாக, ஆர்.ஆர்.சீனிவாசனின் ‘நதியின் மரணம்’. நான் மதிக்கிற படம். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தைக் காவல்துறை அடித்து விரட்டியதில், ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் ‘நதியின் மரணம்’ என்றால் எந்த நதி, யாருடைய மரணம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செய்தித்தாள் ஏற்கெனவே சொல்லியிருந்தது. தலைப்புக்கு வேண்டிய தகவல் காற்றிலேயே இருந்தது. இன்று இருபது வயது மாணவரிடம் இதே தலைப்பைச் சொல்லுங்கள். மணல் கொள்ளை பற்றியதா, ஆலைக் கழிவா என்று கேட்பார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தலைப்பு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த நினைவுதான் வடிந்துவிட்டது. ஊரின் நினைவை நம்பிப் பெயர் வைக்கும்போது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வருகிறவருக்காக இடத்தையும் ஆண்டையும் துணைத்தலைப்பிலாவது எழுதி வைத்துவிட வேண்டும்.

சரி, கவலைக்கு வருவோம். இரண்டு மாடுகள் கிணற்றை ஒட்டிய சரிவில் இறங்கும்போது உருளையில் ஓடும் வடக்கயிறு சாலைத் தூக்கும். சாலின் அடியில் தோலால் தைத்த நீண்ட குழாய் ஒன்று தொங்கும். அதற்கு வால் என்று பெயர். சால் ஏறும்போது வால்கயிறு அதன் வாயை மேலே இழுத்துப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வாய் சாய்ந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். சால் இரும்புக்கு மாறிய பிறகும் வால் தோலாகவே இருந்தது, ஏனென்றால் அது வளைய வேண்டும். நாளெல்லாம் தண்ணீரில் ஊறிக் கல்லில் உரசும் தோல் கிழியும். கிழிந்தால் பாசனம் நிற்கும். அதைத் தைத்தவர்கள் அருந்ததியர்கள். செத்த மாட்டைத் தூக்கியதும், உரித்ததும், பதப்படுத்தியதும் அவர்கள்தான். கூலி பணமாக அல்ல, அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் தானியமாக வந்தது.

பெரியவர் சொன்னார்: “நான் தெச்ச தோலு நாளெல்லாம் அந்தக் கெணத்துக்குள்ள முங்கி முங்கி எந்திரிக்கும். நான் எறங்கக் கூடாது.”

இதைக் கேட்ட பிறகு ‘மறையும் மரபு’ என்று எப்படி எழுதுவது? குழுவினர் மாற்றுத் தலைப்புகளைத் தேடத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தது ‘கவலை’. இரட்டை அர்த்தம் இருப்பதால் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. ஆனால் கொங்குப் பகுதிக்கு வெளியே இதைக் கமலை என்பார்கள். அங்கே ‘கவலை’ என்றால் வருத்தம் மட்டுமே. சுற்றி வந்து பழைய துக்க வீட்டுக்கே போய்ச் சேர்கிறோம். இன்னொன்றும் உண்டு. கிணறு தோட்டத்துக்காரருடையது, மாடு அவருடையது, கவலையும் அவருடையது. கருவியின் பெயரை வைத்தால் உடைமையாளரின் பெயரை வைத்ததாகத்தான் ஆகும்.

அடுத்தது ‘தோல்’. டி.செல்வராஜின் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவலின் பெயர் அது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றியது. தேடுகிறவருக்கு நாவல்தான் கிடைக்கும், படம் கிடைக்காது. பெயர் வைக்கும் முன் அந்தப் பெயரில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அடிப்படை மரியாதை.

ஒரு தோழர் பெரியவரின் வாக்கியத்தையே தலைப்பாக்கலாம் என்றார்: ‘நான் எறங்கக் கூடாது’. நான் மறுத்தேன். படத்தின் மிக வலிமையான இடம் அது. அதைச் சுவரொட்டியில் அச்சடித்துவிட்டால் பார்வையாளர் அதைத் தெரிந்துகொண்டுதான் உட்காருவார். பெரியவர் அதைச் சொல்லும்போது ‘ஆமாம், தெரியுமே’ என்று தலையாட்டுவார். தலைப்பு அந்த வாக்கியம் இருக்கும் திசைக்கு ஆளைக் கூட்டிப் போனால் போதும், வாக்கியத்தையே செலவழித்துவிடக் கூடாது.

சாதிப்பெயரைத் தலைப்பில் வைக்கலாமா என்ற விவாதமும் வந்தது. இதே மண்ணில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையச் சிறுவர்களைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய நாவல் ‘கூளமாதாரி’. சிறுவனின் பெயரோடு அவன் சாதியும் அட்டையிலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் வ.கீதா மொழிபெயர்த்தபோது அது ‘சீசன்ஸ் ஆஃப் தி பாம்’ ஆனது. மாதாரி என்றால் என்னவென்று தெரியாத வாசகருக்கு வேறு பெயர் தேவைப்பட்டிருக்கலாம், புரிகிறது. ஆனாலும் கணக்குப் பாருங்கள்: அட்டையிலிருந்து சிறுவன் போய்விட்டான், பனை நிற்கிறது. தலைப்பு ஊர் தாண்டும்போது முதலில் உதிர்வது மனிதர்தான், நிலக்காட்சி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கடைசியில் முடிவானது ‘வால் தைத்தவர்’. அதன் கீழே சிறிய எழுத்தில்: ‘கவலை ஏற்றத்துக்குத் தோல் தந்த நாமக்கல் அருந்ததியர்கள்’. முதல் வரி கேட்கவைக்கிறது: வாலை எதற்குத் தைக்க வேண்டும்? அது பொய்ப் புதிர் அல்ல, படத்தின் முதல் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். அதற்குள் தைத்தவர் யார் என்ற பெரிய கேள்வி தொடங்கியிருக்கும். இரண்டாவது வரி என்ன, யார், எங்கே என்று சொல்கிறது. வாட்ஸ்அப்பில் பகிரும்போது இரண்டாவது வரி வெட்டுப்படலாம். அப்போதும் முதல் வரி தனியாக நிற்கும், அதில் ஒரு மனிதர் இருப்பார். ‘தைத்தவன்’ அல்ல, ‘தைத்தவர்’. தோட்டத்துக்காரர் வீட்டுச் சிறுவர்கள்கூட வாடா போடா என்று கூப்பிட்ட ஒருவருக்கு அந்த ‘அர்’ சும்மா கிடைத்த விகுதி அல்ல.

பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஐம்பது நிமிட முதல் வெட்டில் பெரியவர் வருவது ஒன்பது நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் தோட்டத்துக்காரர்கள் அந்தக் காலத்துக் கிணற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘மறையும் மரபு’ என்ற பெயருக்கு அந்த வெட்டு சரியாகப் பொருந்தியிருந்தது. ‘வால் தைத்தவர்’ என்ற பெயருக்கு அது பொய். நண்பர் இரண்டு நாள் கோபமாக இருந்தார். பிறகு மறுபடியும் ராசிபுரம் பேருந்தைப் பிடித்தார்.

பெயர் மாறிய பிறகு பெரியவரிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அந்தக் கெணத்தையும் காட்டுங்க” என்றார். “இப்பத் தண்ணியில்ல. எறங்கிப் பாக்கலாம்.”