கிரியேட்டின் குடிக்க நல்ல நேரம் எது? நோன்புக்கு முன் ஒரு விளக்கம்



அஸருக்குப் பின் மக்கெய்சர் மைதானப் பக்கம் போனாலும், கிண்ணியாவில் புதிதாகத் திறந்த ஜிம்களை எட்டிப் பார்த்தாலும் இளைஞர்களின் கையில் வெள்ளை மாவு டப்பா இருக்கிறது. கிரியேட்டின். அது நல்லதா என்று எங்களிடம் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது கேட்பதெல்லாம் "சேர், பயிற்சிக்கு முன்னா, பின்னா?" என்பதுதான்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். நேரம் பெரிய விஷயமே இல்லை. நாள் தவறாமல் எடுப்பதுதான் விஷயம். நேரத்தைப் பிடித்துக்கொண்டு நாளை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

சென்ற நோன்பில் நடந்ததைக் கேளுங்கள். எங்களிடம் படித்து வெளியேறிய ஒரு பிள்ளை, நல்ல உழைப்பாளி, மாலை நாலரைக்கு ஜிம்முக்குப் போய் ஐந்தரைக்கு முடிப்பவன். பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் குடிக்காவிட்டால் கிரியேட்டின் வீண் என்று யாரோ அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நோன்பு திறக்க ஆறேகால் தாண்டிவிடும், அரை மணித்தியாலம் போய்விடும். ஆகவே ஒரு மாதம் முழுக்க டப்பாவை மூடி வைத்துவிட்டான். அவனுடைய கூட்டாளி வேறு வழி பிடித்தான். பகலுக்கும் சேர்த்து ஸஹரிலேயே இரண்டு கரண்டி, அதாவது பத்து கிராம், ஒரே தடவையில் குடித்தான். சுபஹுக்குப் பின் வயிற்றோட்டம். நோன்போடு பட்ட பாட்டை அவன்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் பிழைத்தார்கள். கிரியேட்டினைத் தேத்தண்ணி போல நினைத்துவிட்டார்கள். தேத்தண்ணியில் உள்ள கஃபீன் குடித்த சற்று நேரத்தில் வேலை செய்து, சில மணித்தியாலத்தில் அடங்கிவிடும். அதற்கு நேரம் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. கிரியேட்டின் அப்படியல்ல. அது தசைக்குள் சேமிக்கப்படும் பொருள். வேகமாக ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ முதல் சில செக்கன்களுக்குத் தேவையான சக்தியை அந்தச் சேமிப்புத்தான் ஈடுகட்டுகிறது. இன்று மாலை நீங்கள் தூக்கும் பாரத்துக்கு உதவுவது சற்று முன் குடித்த கரண்டி அல்ல, கடந்த பல நாட்களாகச் சேர்ந்தது.

வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைக் காலையில் நிரப்பினீர்களா, இரவில் நிரப்பினீர்களா என்று குழாய் கேட்பதில்லை.

எழுபது கிலோ நிறையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் இருக்கும். அதிலிருந்து தினமும் சுமார் 2 கிராம் கிரியேட்டினினாக மாறிச் சிறுநீரில் போகிறது. ஈரலும் சிறுநீரகமும் அதில் பாதியளவைச் செய்து கொடுக்கின்றன, மிச்சம் மீன், இறைச்சியிலிருந்து வருகிறது. நம் கடலில் கிடைக்கும் சூரை மீனில் கிலோவுக்கு நாலு கிராம் அளவில் இருக்கிறது. ஒரு கரண்டி மாவுக்கு ஈடாக ஒரு கிலோவுக்கு மேல் சூரை தின்ன வேண்டும் என்பதால்தான் மாவுக்கு வேலை வருகிறது.

1996இல் ஸ்வீடனில் எரிக் ஹல்ட்மன் குழுவினர் செய்த ஆய்வு இந்த விஷயத்தில் மிகவும் உதவுகிறது. நாளுக்கு 20 கிராம் வீதம் ஆறு நாள் எடுத்தவர்களுக்கும், வெறும் 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தவர்களுக்கும் தசைச் சேமிப்பு கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு, சுமார் ஐந்தில் ஒரு பங்கு, கூடியது. நிறுத்திய பின் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. இப்போது அந்தப் பிள்ளையின் கணக்கைப் பாருங்கள். நோன்பு 29 அல்லது 30 நாள். அவனுடைய தாங்கி குறைந்து பழைய மட்டத்துக்கு வரவும் அதே அளவு நாள்தான். பெருநாள் முடிந்து தொடங்கினால் மீண்டும் நிரம்ப இன்னொரு மாதம். அரை மணித்தியாலத்துக்குப் பயந்து இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் ஆறரைக்குப் பதிலாக ஒன்பது மணிக்குக் குடித்திருந்தால் ஒன்றுமே குறைந்திருக்காது.

"பயிற்சிக்குப் பின்தான் நல்லது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 2013இல் ஜோஸ் அன்டோனியோ, சிக்கோன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வே பெரும்பாலும் காட்டப்படுகிறது. 19 ஆண்கள், நாலு வாரம், நாளுக்கு 5 கிராம். பயிற்சிக்குப் பின் எடுத்தவர்களுக்குக் கொழுப்பல்லாத நிறை சராசரியாக 2 கிலோ கூடியது, முன் எடுத்தவர்களுக்கு 0.9 கிலோ. கேட்க இரண்டு மடங்கு போல இருக்கிறது. ஆனால் ஆட்கள் அவ்வளவு குறைவு, ஒருவருக்கொருவர் வேறுபாடு அவ்வளவு அதிகம். வழமையான புள்ளிவிபரச் சோதனையில் இரு குழுக்களுக்கும் இடையில் வித்தியாசம் நிரூபணமாகவில்லை. எங்கள் வகுப்பில் பத்துப் பேரின் புள்ளியை வைத்து முழுப் பாடசாலையையும் எடை போட்டால் ஒத்துக்கொள்வீர்களா? பின்னர் முதியவர்களை வைத்து நடந்த ஆய்விலும், 2022இல் கல்லூரி விளையாட்டு வீரர்களை வைத்து எட்டு வாரம் நடந்த ஆய்விலும் முன், பின் என்று பெரிய வேறுபாடு தென்படவில்லை. பின் எடுப்பதால் சிறு நன்மை இருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் சண்டைக்குப் போக மாட்டோம். அந்தச் சிறு நன்மைக்காக ஒரு நாளைத் தவறவிடுவதுதான் கூடாது என்கிறோம்.

சரி, நோன்பில் எப்படி? பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் நோன்பைத் திறந்து, மஃரிப் தொழுது, சாப்பிட்ட பிறகு ஒரு கரண்டி, 3 முதல் 5 கிராம், ஒரு பெரிய குவளைத் தண்ணீரில். தராவீஹ் முடிந்து ஜிம்முக்குப் போகிறவர்களும் அதே நேரத்தில் எடுக்கலாம். மறந்துவிட்டால் ஸஹரில் ஒரு கரண்டி. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் வேண்டாம். மேலே சொன்ன கூட்டாளிக்கு வந்தது அதனால்தான். ஒரு தடவையில் பத்து கிராம் போகும்போது வயிறு கலங்கும் வாய்ப்பு கூடுகிறது. தேசிக்காய்த் தண்ணியில் கலக்குகிறவர்கள் உடனே குடியுங்கள். புளிப்பில் கரைத்து மணிக்கணக்கில் வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பயனற்ற கிரியேட்டினினாக மாறும்.

நோன்பில் நிறுத்தி, தராசில் ஒரு கிலோ குறைந்ததும் தசை போய்விட்டது என்று பயந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரையும் இழுத்து வைக்கும். அது குறையும்போது அந்தத் தண்ணீரும் போகிறது, அவ்வளவுதான்.

இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் கிரியேட்டின் எடுப்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அறிக்கையில் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடித் தெரியலாம். விஷயம் தெரியாவிட்டால் சிறுநீரகம் பழுது என்று வீடே கலங்கும். அதேவேளை உண்மையிலேயே சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் துன்பப்படுகின்றன என்று வட மத்திய மாகாணத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னும் வெள்ளைச் சீருடையில் இருக்கும் பிள்ளைகள் முன்னா பின்னா என்று எங்களிடம் கேட்க வேண்டாம். உங்களுக்கு எங்கள் பதில் முட்டையும் மீனும் நேரத்துக்கு நித்திரையும்தான். வாப்பாமார் டப்பாவைக் கண்டால் ஏசாமல், எத்தனை கரண்டி என்று முதலில் கேளுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது இராச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்திருக்கிறான். ஜிம் இல்லாத நாளிலும் ஒரு கரண்டி. "மகன், நேரம் பார்க்கிறாயா?" என்று போன வாரம் கேட்டோம். "இல்ல சேர், உம்மா சோறு போடுற நேரந்தான்" என்றான்.