மலையகத்துக்கு ஓர் உளநலத் தொலைபேசி: கணக்கை முதலில் சரியாகப் போடுவோம்

திட்ட முன்மொழிவு ஒன்றின் உண்மையான நோக்கத்தை அறிய விரும்புவோர் அதன் கடைசிப் பக்கத்திலுள்ள செலவுக் கணக்கைப் படித்தாலே போதும் என்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடங்களுள் ஒன்று. முன்னுரையில் எவரும் எதையும் எழுதலாம். கணக்கிலோ எது முக்கியம், எது ஒப்புக்குச் சேர்க்கப்பட்டது என்பது தானே வெளிப்பட்டுவிடும்.

மலையகத் தோட்ட மக்களுக்கென உளநல உதவித் தொலைபேசிச் சேவை வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் குடும்பங்களைப் புதைத்துச் சென்ற பின்னர் அதன் அவசரத்தை எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அப்படியொரு சேவைக்கு எவ்வளவு பணம் வேண்டும், அது எங்கே செலவாகும் என்று கேட்டால் பலருடைய பதில் இரண்டு தொலைபேசிகள், ஒரு பயிற்சிப் பட்டறை, ஒரு திறப்பு விழா என்பதோடு நின்றுவிடுகிறது. இந்தக் கணக்கு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாட்டில் இத்தகைய சேவைகள் இல்லாமல் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும், 1333 என்ற கட்டணமற்ற இலக்கமும் மும்மொழிகளில் இயங்குகின்றன. 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பு தொண்டர்களைக் கொண்டே மனமுடைந்தவர்களின் குரலுக்குச் செவிகொடுத்து வருகிறது. சென்னையில் 1986இல் உருவான சினேகாவும் தொண்டர்களை நம்பியே நிற்கிறது. ஆகவே மலையகத்திலும் தொண்டர்களைக் கொண்டே நடத்தலாமே, கொடுப்பனவு எதற்கு என்ற கேள்வி நியாயமானது.

அதற்கான விடை இடத்தைப் பொறுத்தது. கொழும்பிலும் சென்னையிலும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி அதிகாரியோ வாரத்தில் ஒரு மாலையைத் தானமாகக் கொடுக்க இயலும். ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ தோட்ட மக்களின் பேச்சையும் வாழ்வையும் உள்ளிருந்து அறிந்தவர்கள் யார்? உயர்தரம் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள், முன்பள்ளி ஆசிரியைகள், பிள்ளைக் காம்பராவில் பணிபுரியும் பெண்கள். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளைகள் இவர்கள். இவர்களிடம் இலவச உழைப்பைக் கேட்டால் முதல் மூன்று மாதம் வருவார்கள். நான்காம் மாதம் கொழும்பில் கடை வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் யாவும் கணக்கின் உருவத்தைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. எண்களை வாசகர்கள் மாற்றிக்கொள்ளலாம். உருவம் பெரிதாக மாறாது.

ஹட்டன் நகரில் ஓர் அறை. மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை, வாரத்தின் ஏழு நாளும், ஒரே நேரத்தில் இருவர் அழைப்பை ஏற்கிறார்கள். ஏன் இருவர் என்றால், நெருக்கடியான அழைப்பு ஒன்று ஒரு மணி நேரம் நீடிக்கலாம். அந்நேரத்தில் அழைக்கும் இன்னொருவருக்கு மணியோசை மட்டுமே கேட்கும் நிலை வரக்கூடாது. ஏன் இருபத்துநான்கு மணி நேரமும் இல்லை என்றால், செலவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். இரவு 10 மணிக்குப் பின் அழைப்பவருக்கு 1926, 1333 ஆகிய இலக்கங்களைத் தமிழில் சொல்லும் பதிவு போதுமானது. நடத்த இயலாத நேரத்தை வாக்களித்துவிட்டு எடுக்காமல் விடுவதைவிட, வாக்களித்த ஆறு மணி நேரமும் தவறாமல் எடுப்பது மேல்.

ஒருவர் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் இப்பணியைச் செய்வது நல்லதல்ல. அப்படியானால் நாளொன்றுக்கு நான்கு முறைப்பணிகள், வாரத்துக்கு 28, ஆண்டுக்கு 1,456. காய்ச்சல், திருமணம், பரீட்சை, மழை எல்லாவற்றுக்கும் இடம்விட்டால் 12 பேர் வேண்டும். ஒரு முறைப்பணிக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் ஒருவருக்குச் சராசரியாக மாதம் 20,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டுச் செலவு 29 இலட்சத்து 12 ஆயிரம்.

அடுத்து வருவது, எழுதும்போது பலரும் மறந்துவிடும் செலவு. இரவு 10 மணிக்குப் பணி முடித்த ஓர் இளம்பெண் நோர்வூட்டுக்கோ பொகவந்தலாவைக்கோ எப்படிப் போவாள்? அந்நேரத்தில் தோட்டப் பாதைகளுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. நம்பகமான வாகனம் ஒன்றுக்கு இரவொன்றுக்கு 3,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 இலட்சம். இதைக் கணக்கிலிருந்து வெட்டினால் பெண்கள் முதலில் பின்னிரவுப் பணியைவிட்டு விலகுவார்கள். பிறகு பெண் குரலைத் தேடி அழைக்கும் பெண்களும் விலகுவார்கள்.

தொலைபேசிக்கு வருவோம். அழைப்பவரிடம் கைத்தொலைபேசியில் பணம் இராது என்பதால் சேவையே கட்டணத்தை ஏற்கவேண்டும். பணி நேரத்தில் பாதி பேச்சில் கழிந்தால் ஆண்டுக்குச் சுமார் 1 இலட்சத்து 31 ஆயிரம் நிமிடங்கள். நிமிடத்துக்கு 4 ரூபாய் என்றாலும் ஐந்தேகால் இலட்சம்தான். கட்டணமற்ற இணைப்பு கிடைக்கும்வரை, தவறிய அழைப்புக்குத் திரும்ப அழைக்கும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. லயன் அறையில் ஒரே தொலைபேசியைக் குடும்பமே பயன்படுத்துகிறது. குழாயடியில் நின்று அழைத்த பெண் வீடு திரும்பிய பின் மணி ஒலித்தால், எடுப்பவர் யாரிடமிருந்து அவள் தப்ப நினைத்தாளோ அவராகவே இருக்கலாம். ஆகவே ஐந்து நிமிடத்துக்குள் மட்டுமே திரும்ப அழைக்கவேண்டும், வேறு குரல் கேட்டால் சேவையின் பெயரைச் சொல்லக்கூடாது என்பன போன்ற விதிகள் எழுத்தில் இருக்கவேண்டும். தன் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் அதனை மற்றவரிடம் கைமாற்றவேண்டும் என்பதும் அத்தகைய விதியே. மலையகத்தில் ஒரு டிவிஷனின் செய்தி மறுநாள் பிரட்டுக்களத்துக்கு வந்துவிடும் என்று அஞ்சுபவர் ஒருபோதும் வாய் திறக்கமாட்டார்.

இனி மேற்பார்வை. உளவளத்துணையில் இச்சொல்லுக்குத் தோட்டத்துக் கங்காணியின் பார்வை என்று பொருளில்லை. அனுபவமுள்ள உளவியலாளர் அல்லது உளநல சமூக சேவையாளர் ஒருவர், அழைப்பை ஏற்றவருடன் அமர்ந்து, என்ன கேட்டாய், எங்கே அவசரப்பட்டாய், அது உன்னை என்ன செய்தது என்று பேசுவது அது. இரவில் ஒருவர் உயிராபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் பணியிலுள்ள இருபத்திரண்டு வயதுப் பிள்ளை உடனே அழைக்கக்கூடிய ஆளும் அவரே. 1990 அம்புலன்ஸை அழைக்கும் முடிவையும், அது லயன்வரை ஏற முடியாவிட்டால் தோட்ட வைத்திய உதவியாளரையோ தோட்ட வாகனத்தையோ தேடும் முடிவையும் அப்பிள்ளையின் தோளில் தனியே சுமத்தக்கூடாது. மறுநாள் டிக்கோயா - கிளங்கன் வைத்தியசாலையிலோ நுவரெலியா பொது வைத்தியசாலையிலோ உளநல மருத்துவரிடம் அழைத்தவரைச் சேர்ப்பிப்பதும் அவர் பொறுப்பு. முழுநேரமாக அவருக்கு மாதம் 1,50,000 ரூபாய், பன்னிருவரும் இரு வாரத்துக்கு ஒருமுறை கூடும் அமர்வுக்குத் தலா 1,000 ரூபாய் என்றால் மொத்தம் 21 இலட்சம்.

நிதி குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இதுவே. வெட்டியவுடன் எதுவும் கெட்டுவிடாது என்பதால் வெட்டியது சரியென்றும் தோன்றும். சில மாதங்களில் அடையாளங்கள் தெரியத் தொடங்கும். அழைப்புக் குறிப்புகள் ஒரே வரியாகச் சுருங்கும். செவிமடுத்தவர்கள் புத்திமதி சொல்லத் தொடங்குவார்கள். குடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொள் என்ற அறிவுரை தொலைபேசியிலும் கேட்கும். சிலருடைய அழைப்புகள் மிகவும் குறுகும், சிலருடையவை கட்டுக்கடங்காமல் நீளும். ஆபாசமாகப் பேச அழைப்பவர்களை எதிர்கொண்ட பெண்கள் அதை எவரிடமும் சொல்லாமல் விலகுவார்கள். இறந்துவிடப் போவதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்த குரலைக் கேட்டவர் அன்றிரவு உறங்கமாட்டார். காரணம் கேட்டால் வீட்டில் வேலை என்பார். பிறகு வரவே மாட்டார்.

எஞ்சியவை ஒருங்கிணைப்பாளர், வாடகை, மின்சாரம், பத்து நாள் ஆரம்பப் பயிற்சி ஆகியவை. இவற்றுக்கு ஏறக்குறைய 20 இலட்சத்து 60 ஆயிரம். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 87 இலட்சம் ரூபாய். இதில் தொலைபேசிக் கட்டணம் நூற்றுக்கு ஆறு மட்டுமே. பெயரில் தொலைபேசி இருக்கும் சேவையின் செலவு மனிதர்களுக்கே போகிறது. இரண்டு தொலைபேசி, ஒரு பட்டறை என்ற கணக்கு ஏன் தவறு என்பது இதிலேயே விளங்கும்.

87 இலட்சம் பெருந்தொகையா? 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 7,11,644. தலைக்கு 12 ரூபாய் வருகிறது. அரசாங்கமும் பெருந்தோட்டக் கம்பனிகளும் தொழிலாளரிடம் மாதந்தோறும் சந்தா பெறும் தொழிற்சங்கங்களும் பகிர்ந்தால் எவருக்கும் சுமையாகாது. வெளிநாட்டு உதவியை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அது பெரும்பாலும் ஓராண்டுக்கு வரும். கருவிக்கும் பயிற்சிக்கும் தாராளமாகவும் மாதக் கொடுப்பனவுக்குக் கஞ்சத்தனமாகவும் வரும்.

ஆகவே அடுத்த முன்மொழிவு எவருடைய மேசைக்கு வந்தாலும் அவர் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். மேற்பார்வையாளரின் சம்பளம் எந்தத் தலைப்பின் கீழ் உள்ளது? மூன்றாம் ஆண்டின் பணம் எங்கிருந்து வரும்? விடை இல்லையெனில் சேவையைத் தொடங்கவேண்டாம். இலக்கம் லயன் சுவர்களில் ஒட்டப்பட்டு, நம்பி ஒருமுறை பேசியவர் இன்னொரு நாள் மீண்டும் அழைக்கும்போது, இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று இயந்திரக்குரல் சொல்லுமானால், அதன் பின் எந்தச் சேவையையும் அவர் நம்பி அழைக்கமாட்டார்.