கருணை என்ற சொல் இல்லாத கருணைப் பாடல்கள்

இறையருளைப் பற்றி இன்று எழுதப்படும் புதிய பாடல்கள் பலவற்றில் கருணை வெறும் பெயர்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. அது கடலாகிறது, மழையாகிறது. ஆனால் பாடலுக்குள் எவரும் எதையும் செய்வதில்லை. வட இந்தியாவின் பழைய பக்திக் கவிஞர்களோ அருள் நிகழ்வதற்கு முதலில் ஓர் இடத்தை அமைத்தனர்.

துளசிதாசரின் 'விநய பத்திரிகா' இதற்குச் சிறந்த சான்று. தலைப்பிலுள்ள 'பத்திரிகா' என்பது விண்ணப்ப மடலைக் குறிக்கும். கலியின் கொடுமை தாளாத ஒருவர் இராமனின் அரசவைக்கு அனுப்பும் மனுவாகவே நூல் முழுதும் அமைந்துள்ளது. மனு நேரே அரசனிடம் செல்வதில்லை. விநாயகர், சூரியன், சிவன், அனுமன், இராமனின் தம்பியர் என ஒவ்வொருவரிடமும் பரிந்துரை வேண்டப்படுகிறது. சீதையிடம் அவர் கேட்பது மிக நுட்பமானது: தக்க சமயம் வாய்க்கும்போது, உருக்கமான ஒரு பேச்சை எடுத்து, தம்மை நினைவூட்டினால் போதும். அரசனின் மனநிலை அறிந்து பேசும் அரண்மனை வழக்கம் அப்படியே பக்தியின் மொழியாகிறது. இறுதிப் பாடலில் இராமன் மனுவில் ஒப்பமிடுகிறான். அருள் என்பது அங்கே ஒரு கையொப்பம். அலுவலக வாயிலில் காத்துக் கிடந்தவர்க்கு இதற்கு உரை தேவையில்லை.

சூரதாசர் பெயரில் வழங்கும் விநயப் பாடல்களில் பணிவு அறைகூவலாக மாறுகிறது. பாவிகளுள் தானே தலைவன் என்கிறான் பாடுபவன். தன்னைக் கரையேற்றாவிட்டால், வீழ்ந்தோரைத் தூய்மையாக்குபவன் என்னும் பட்டம் இறைவனுக்கு எதற்கு என்று வழக்காடுகிறான். இத்தகைய பாடல்களைக் கேட்ட வல்லபர், புலம்பலை விட்டுக் கண்ணன் லீலையைப் பாடுமாறு சூரதாசரைக் கண்டித்தார் என்று சம்பிரதாயக் கதை ஒன்று உண்டு. அக்கண்டிப்பில் நியாயம் குறைவு; அந்தப் புலம்பலில்தான் எத்தனை துணிச்சல்!

மராட்டியில், நாமதேவர் வீட்டுப் பணிப்பெண்ணான ஜனாபாயிடம் மனுவும் இல்லை, வழக்கும் இல்லை. விட்டலன் வந்து அவளோடு திரிகை சுற்றுகிறான். கேட்குமுன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இவற்றைப் படித்துப் புதிதாக எழுத முனைபவர் அரசவையையோ திரிகையையோ இரவல் வாங்கினால், மிஞ்சுவது பழைய படத்தின் நகலே. தாம் அறிந்த ஓர் இடத்தையும் அங்கே இறைவன் செய்யக்கூடிய ஒரே ஒரு செயலையும் தேர்ந்துகொள்வதே தக்க வழி. ரேஷன் கடை வரிசையை எடுத்துக்கொண்டால்,

கடைசி ஆளாய் நின்றிருந்தேன்;
நீ வந்து எனக்குப் பின்னே நின்றாய்

என்று தொடங்கலாம். இங்கே இறைவன் கதவைத் திறக்கவில்லை, அரிசியும் அளக்கவில்லை. 'கடைசி' என்னும் இழிவை மட்டும் தான் ஏற்றுக்கொள்கிறான். மூன்றாம் அடியில் 'கருணையே' என்று விளித்துவிட்டால், அந்தச் செயல் மீண்டும் பெயர்ச்சொல்லாகச் சுருங்கிவிடும்.