பள்ளிக்கு லீவு! வயிற்றுக்கு?

மாணவர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் கொண்டாட்டம். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பலருக்கோ அது திண்டாட்டம்.

நிரந்தர ஆசிரியருக்கு மே மாதமும் சம்பளம் உண்டு. ஒப்பந்த ஆசிரியர், பகுதி நேர ஆசிரியர், கௌரவ விரிவுரையாளர், சின்னத் தனியார் பள்ளியில் வேலை பார்ப்பவர், வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுப்பவர் ஆகியோருக்கு இல்லை. "ஸ்கூல் திறக்கட்டும், பார்க்கலாம்" என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் பதில்.

இது தனியார் பள்ளிக்கூடத்தில் மட்டும் நடக்கும் கூத்து அல்ல. தமிழ்நாட்டு அரசே 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை அமர்த்தியது. அப்போது மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக ஏறி 2024-ல் 12,500 ரூபாய் ஆனது. ஆனால் அத்தனை ஆண்டுகளும் மே மாதச் சம்பளம் பூஜ்யம்! அதைக் கேட்டு அவர்கள் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் எத்தனை முறை உட்கார்ந்தார்கள் என்பது கல்லூரிச் சாலை வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும்.

ஓட்டை எங்கே?

ஒரு மாதச் சம்பளம்தானே, சமாளிக்க முடியாதா என்று கேட்கலாம். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது.

ஏப்ரல் சம்பளம் ஏப்ரல் 30-ந் தேதி கைக்கு வருகிறது. மே மாத வாடகை, மளிகை, பால் எல்லாம் அதில் ஓடிவிடும். மே முழுக்க வீட்டில் கஷ்டம் தெரியாது. ஊருக்குப் போய் வருவார்கள், உறவினர் கல்யாணத்துக்கு மொய் எழுதுவார்கள்.

மே 31-ந் தேதி வரவேண்டிய பணம் வராது. அப்போதுதான் இடி விழும்!

ஜூன் மாதம் வாடகைக்குக் காசு இல்லை. அதே ஜூனில்தான் சொந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ், நோட்டு, யூனிபார்ம், ஷூ எல்லாம் வாங்க வேண்டும். ஜூன் சம்பளம் வருவது ஜூன் 30-ந் தேதி. பீஸ் வசூல் ஆகவில்லை என்று பள்ளிக்கூடம் கையை விரித்தால் ஜூலை 10 வரை இழுக்கும். ஆக, ஒரு சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் நடுவே அறுபது, எழுபது நாள். சம்பளம் நிற்பது மே மாதம். அடி விழுவது ஜூன் மாதம்.

16 ஆயிரமா, 14 ஆயிரமா?

ஒரு உதாரணம். தனியார் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம், 11 மாதம் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன். தலைக்கு 400 வீதம் 4,000 ரூபாய்.

"மாதம் 16 ஆயிரம் வருது" என்று அவர் நினைப்பார். அந்த நினைப்பில்தான் வாடகை வீடு பிடிப்பார், தவணையில் பிரிட்ஜ் எடுப்பார்.

டியூஷன் வருமானம் ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம்தான். ஏப்ரலில் பரீட்சை வந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். ஜூனில் புதுப் பிள்ளைகள் சேரவே மாதம் கடந்துவிடும்.

சம்பளம் ஆண்டுக்கு 1,32,000. டியூஷன் 36,000. மொத்தம் 1,68,000. இதைப் பன்னிரண்டால் வகுத்தால் 14,000. அவருடைய உண்மையான மாத வருமானம் அதுதான்! கையில் கூடுதலாக வரும் 2,000 ரூபாய் அவருடைய ஜூன் மாதத்துச் சோறு. அதை இப்போதே செலவழித்தால் ஜூனில் கடன் நிச்சயம்.

வழி சுலபம். 11 மாதச் சம்பளக்காரர் ஒவ்வொரு சம்பளத்திலும் பன்னிரண்டில் ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும். 12,000-க்கு 1,000. பதினொரு மாதத்தில் 11,000 சேரும். 10 மாதம்தான் சம்பளம் என்றால் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2,000. ஒன்பது மாத டியூஷன் பணத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது மாதம் 1,000. ஒன்பது மாதத்தில் 9,000 சேரும். இரண்டும் சேர்ந்து ஏப்ரல் கடைசியில் கையில் இருக்க வேண்டியது 20,000 ரூபாய். டியூஷன் இல்லாத மூன்று மாதத்துக்கு மும்மூன்று ஆயிரமும், சம்பளம் இல்லாத மாதத்துக்கு 11 ஆயிரமும் அதிலிருந்து வரும்.

எங்கே போடுவது?

இங்கேயும் வழுக்கும். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷத் திட்டம். மூன்று வருஷம் ஆகாமல் முடிக்க முடியாது. ஜூன் தேவைக்கு அது உதவாது. வங்கியில் ஓராண்டுக்குள் முடியும் ஆர்.டி.யாகக் கேட்டு, முதிர்வு மே மாதத்துக்குள் வருகிற மாதிரி போட வேண்டும். தீபாவளிச் சீட்டு ஐப்பசியில் முடிந்து பட்டாசாகவும் புடவையாகவும் போய்விடும்.

எதுவுமே சேர்க்காதவர் என்ன செய்வார்? தெருக்கோடிக்காரரிடம் மூன்று வட்டிக்கு 14,000 வாங்குவார். மாதம் 420 ரூபாய் வட்டி. பத்து மாதம் அசலைத் தொட முடியாவிட்டால் வட்டி மட்டும் 4,200. அடுத்த ஜூன் வரும்போது பழைய அசல் அப்படியே நிற்கும். அதன்மேல் புதுக் கடன் ஏறும்.

டியூஷன்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாதக் கடைசியில் பீஸ் வாங்கும் பழக்கம் இருந்தால் மார்ச் பீஸ் பாதி வீட்டில் வராது. பரீட்சை முடிந்ததும் பிள்ளை வராது, காசும் வராது. முதல் தேதியே வாங்கிவிட்டால் அந்த நஷ்டம் இல்லை.

கோர்ட் சொன்னது என்ன?

சிக்கனம் மட்டும் போதுமா? போதாது. இது நியாயப் பிரச்சினையும்கூட.

அரியானாவில் தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி ஆண்டு தொடக்கத்தில் எடுப்பதும், கோடை விடுமுறைக்கு முன்னால் கழற்றி விடுவதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தார்கள். ரத்தன்லால் என்ற ஆசிரியரும் மற்றவர்களும் போட்ட வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் அரசைச் சாடியது. இந்த ஆசிரியர்கள் பணியில் இருக்கும்வரை கோடை விடுமுறைக்கும் சம்பளம் கொடு என்று உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டு ஓடிவிட்டது!

"மே மாதம் வேலையே இல்லையே, எதற்குச் சம்பளம்?" என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. வேலை இல்லையா? அட்மிஷனுக்கு வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க அனுப்புவது யாரை? பெற்றோரிடம் வாங்கும் பீஸ் மட்டும் முழு ஆண்டுக்கு. சொல்லிக் கொடுப்பவருக்கு மட்டும் ஏன் பதினொரு மாதம்?

சில இடங்களில் ஏப்ரலில் ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டு ஜூனில் புது ஆர்டர் கொடுக்கிறார்கள். இதில் ஆசிரியர்கள் உஷாராக இருக்க வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்ற 2009-ம் ஆண்டு சட்டத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022-ல் உறுதி செய்தது. ஆனால் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ராஜினாமா, "தொடர்ந்து வேலை செய்யவில்லை" என்று வாதாட நிர்வாகத்துக்கு ஆயுதம் ஆகிவிடும்.

பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுப்பதே முறை. அது இன்று முடியாது என்கிற நிர்வாகம், ஆர்டரிலாவது "சம்பளம் 11 மாதத்துக்கு" என்று பெரிய எழுத்தில் போடட்டும். கேட்கும் ஆசிரியருக்கு, அதே ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதா மாதம் கொடுக்கட்டும். இதில் நிர்வாகத்துக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. ஜூன் முதல் தேதி வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போது அந்த ஆசிரியர் வீட்டில் வாடகை தயாராக இருக்கும்.